நீலத்துக்கு எண்பத்துநான்கு

நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேள்விப்பட்ட எல்லாரும், "கடைக்காரன் உனக்குக் காசு தந்தவனோ?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு சதமும் தரவில்லை. தந்திருந்தால் பழியைப் போட ஓர் ஆளாவது இருந்திருப்பான்.

என் பெயர் சயந்தன். வேலணை வங்களாவடிச் சந்தியில் சின்னதாக ஒரு கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்னறைதான் என் படப்பிடிப்புக் கூடம். 'தீவான் ரெக்' என்று யூரியூப்பில் தேடினால் என் மூஞ்சி வரும். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில், தீவுப் பகுதியிலிருந்து வந்த எங்களைத் தீவான், தீவான் என்று நக்கலடிப்பார்கள். அதோடு ரெக்னோலஜியின் ரெக்கையும் ஒட்டிப் பெயராக வைத்துக்கொண்டேன். பதினெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றால் சும்மாவா? எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் மனைவி தர்சனா சிரிப்பாள்.

போன தை மாதம் யாழ்ப்பாண டவுனில் இருக்கும் கடையொன்று இரண்டு லப்ரொப்பை ஒரு கிழமைக்கு இரவல் தந்தது. இரண்டும் வேறு வேறு கொம்பனி, ஆனால் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி. ஒன்றின் மூடி நீலம், மற்றதன் மூடி சாம்பல். ஒரே அளவு திரை, ஒரே அளவு நினைவகம், ஒரே அளவு சேமிப்பிடம். நீலத்தின் விலை ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம். சாம்பல் பதின்மூவாயிரம் குறைவு. சனம் தலையைச் சொறிவது இப்படிப்பட்ட சோடிகளில்தான்.

நான் எப்போதும் செய்வதுபோல் புள்ளித்தாள் போட்டேன். வேகத்துக்கு முப்பது, திரைக்கு இருபது, கமராவுக்கும் ஒலிக்கும் பதினைந்து, விசைப்பலகைக்குப் பத்து, பற்றரிக்குப் பத்து, விலைக்குப் பத்து, பாரத்துக்கு ஐந்து. வெட்டி ஒட்டிய ஒரு வீடியோவை நீலம் எட்டரை நிமிடத்தில் முடித்துத் தந்தது. சாம்பலுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நீலத்தின் திரை பளிச்சென்று கண்ணைப் பறித்தது, கமராவும் திறம். சாம்பலின் கமராவில் என் முகம் பழைய அடையாள அட்டைப் படம்போல இருந்தது. ஆனால் சாம்பலின் பற்றரி பெரிது. நீலத்தில் நாற்பத்தொன்று, சாம்பலில் அறுபது. அது வாற்மணிக் கணக்கு, தண்ணீர்த் தாங்கியில் எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பதுபோல. கூட்டிப் பார்த்தேன். நீலத்துக்கு எண்பத்துநான்கு, சாம்பலுக்கு எண்பத்தொன்று.

"பதின்மூவாயிரம் கூடப் போட்டாலும் பரவாயில்லை, யோசிக்காம நீலத்தை எடுங்கோ!" என்று கமராவைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்ன வார்த்தை. வேகத்துக்கு முப்பது புள்ளி யார் வைத்தது? நான். ஏன் வைத்தேன்? நாளெல்லாம் வீடியோ வெட்டி ஒட்டுகிறவன் நான். பற்றரிக்கு ஏன் பத்து? என் மேசைக்குப் பக்கத்தில் சுவரில் மின்சாரம் இருக்கிறது. அந்தத் தாள் முழுவதும் நான்தான் இருந்தேன். வாங்குகிறவன் அதில் எங்குமே இல்லை. இது எனக்கு அன்று தெரியவில்லை.

வீடியோ ஓடியது. முப்பதாயிரம் பார்வை. கீழே நூற்றுக்கணக்கில் கேள்விகள். எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதி வைத்து ஒட்டிக்கொண்டே போனேன்: "நீலம்தான் பெஸ்ட், யோசிக்காம எடுங்கோ." ஒட்டியவற்றில் ஒன்று மேர்சி என்ற பெயருக்குக் கீழே இருந்தது. "அண்ணை, நான் நெடுந்தீவு. இஞ்ச கரண்ட் அடிக்கடி போகும். எனக்கு எது நல்லம்?" என்று அவள் கேட்டிருந்தாள். ஒரு கேள்விக்குள் இடத்தையும் சொல்லி, பிரச்சினையையும் சொல்லியிருக்கிறாள். இதைவிட ஒரு மனுசி எப்படிக் கேட்பது? நான் வாசிக்கவில்லை. ஒட்டினேன். ஒரு இதயமும் போட்டேன், கண்டறியாத இதயம்.

மாசி மாதக் கடைசியில் அவளே கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். மெலிந்த தேகம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பேருந்தால் இறங்கி வந்தவள், மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தாள்.

"அண்ணை, நீங்கள் சொன்ன நீலத்தை எடுத்திட்டன். தமிழ் எழுத்துப் போட்டுத் தருவியளே?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு இஞ்சித் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அப்போதுதான் அவள் கதையைச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவரின் வள்ளத்தில் கடலுக்குப் போன புருசன் திரும்பவில்லை. ஏழு வயதில் ஒரு மகள், பெயர் அனோஜினி. வீட்டு வள்ளத்தின் எஞ்சினை விற்ற காசு ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் கையில் இருந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம் தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத ஆள் எடுக்கிறது. வீட்டில் இருந்தபடியே வேலை. பங்குனி ஒன்பதாம் தேதி பரீட்சை. அதில் தேறினால் பிள்ளையோடு ஊரிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக ஏஜென்சிக்காரன் கடுதாசியை ஆயத்தமாக வைத்திருக்கிறான்.

"ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரத்துக்குச் சாம்பல் வந்திருக்குமே. மிச்சத்துக்கு என்ன செய்தனீர்?" என்று கேட்டேன். கேள்வியில் அக்கறை இல்லை, வாய் சும்மா இருக்க மாட்டாததால் வந்தது.

"பிள்ளையின்ர காப்பை வித்தனான். நீங்கள் கூடப் போட்டாலும் பரவாயில்லை எண்டு சொன்னனீங்கள்தானே."

"பிழை போகேல்லை, திறமான சாமான்," என்றேன்.

"சோதினை மூண்டரை மணித்தியாலம் அண்ணை. நடுவில எழும்ப ஏலாது. கமரா முழுக்க எரிஞ்சுகொண்டிருக்க வேணுமாம், நாங்கள் களவு செய்யிறமோ எண்டு பாக்கிறதுக்கு. இன்ரநெற் என்ர போனில இருந்து குடுப்பன். கரண்ட் போனா இது தாங்குமே?"

நான் சிரித்தேன். கடவுளே, அந்தச் சிரிப்பு. "நான் அளந்து பாத்தனான். ஆறு மணித்தியாலம் நிக்கும். பயப்பிடாமச் செய்யும்."

அளந்தது உண்மை. எப்படி அளந்தேன் தெரியுமா? திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, இணையத்தைத் துண்டித்து, உள்ளே சேமித்து வைத்த ஒரு படத்தை ஓடவிட்டு. எல்லாரும் அப்படித்தான் அளக்கிறார்கள், இலக்கம் அழகாக வரும். கமரா மூன்றரை மணித்தியாலம் எரிவதும், இணையத்தில் படம் போய்க்கொண்டே இருப்பதும், பகல் வெளிச்சத்தில் திரையை முழுதாக ஏற்றி வைப்பதும் வேறு கதை. அந்தக் கதையை அவள் என் முன்னால் இருந்து வரிவரியாகச் சொன்னாள். நான் பழைய இலக்கத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

பங்குனி பதினோராம் தேதி திரும்பி வந்தாள். இந்தமுறை அவளுடைய அக்கா மேரிறோசும் கூட வந்திருந்தாள். மேர்சி பெட்டியை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இதின்ர பற்றரி பழுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. வாறன்ரி இருக்கு."

"ஏன், என்ன நடந்தது?"

"காலமை எட்டு மணிக்கே கரண்ட் போயிட்டுது. நூறு வீதம் இருந்ததுதான் அண்ணை, விடிய விடியச் சார்ஜில போட்டனான். ஒன்பதரைக்குத் தொடங்கினது. பத்து ஒலிப்பதிவு. ஏழாவதை எழுதிக்கொண்டிருக்கேக்க..." அவள் கையை மூடிக் காட்டினாள், அணைந்துவிட்டது என்று. "பன்ரெண்டு ஆகேல்லை."

மேரிறோஸ் பொறுக்கவில்லை. "ஆறு மணித்தியாலம் எண்டு சொன்னனீங்களாம்! தெரிஞ்சிருந்தா முதல் நாளே வள்ளம் ஏறி யாழ்ப்பாணத்தில தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில இருந்து எழுதியிருப்பாளே."

"அக்கா, சும்மா இரன். சாமான் பழுதெண்டா அண்ணை என்ன செய்வார்?" என்றாள் மேர்சி.

அவள் பொருளைச் சந்தேகித்தாள். என்னைச் சந்தேகிக்கவில்லை. மேரிறோஸ் என்னைப் பிடித்து இரண்டு அறை அறைந்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திராது.

பற்றரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் எவ்வளவு கொள்ளும் என்று எழுதியிருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவும் இன்னும் கொள்கிறது. பழுது இல்லை. பழுதாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் அந்தோனியார் வரை கும்பிட்டேன், நான் சைவக்காரன். "வைச்சிட்டுப் போங்கோ, வடிவாப் பாத்துச் சொல்லுறன்," என்று அனுப்பிவைத்தேன். கோழை.

மறுநாள் டவுனுக்குப் போய்ச் சாம்பலைத் திரும்ப இரவல் வாங்கிவந்தேன். இரண்டையும் நூறு வீதத்துக்கு ஏற்றிச் சார்ஜரைக் கழற்றினேன். திரை வெளிச்சம் முழுதாக, கமரா எரிய, போனிலிருந்து இணையம் எடுத்து, இரண்டிலும் வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டு முன்னால் குந்தியிருந்தேன். மேர்சி செய்ததுபோல அப்படியே. நீலம் இரண்டு மணித்தியாலம் முப்பத்தொரு நிமிடத்தில் செத்தது. சாம்பல் நான்கு மணித்தியாலம் இருபது நிமிடம் நின்றது. மூன்றரை போக இன்னும் ஐம்பது நிமிடம் கையில் இருக்கும். பத்து ஒலிப்பதிவையும் எழுதி, ஒருமுறை வாசித்துப் பிழை திருத்தி, எழும்பிப் போய்த் தண்ணீரும் குடித்திருப்பாள். அதுவும் பதின்மூவாயிரம் மலிவாக, பிள்ளையின் காப்புக் கையிலேயே இருக்க. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகிறவளுக்கு நீலத்தின் வேகம் எதற்கு? ஒரு கோதாரிக்கும் இல்லை.

பழைய புள்ளித்தாளை எடுத்தேன். நெடுந்தீவு, கரண்ட் போகும், ஒலி கேட்டு எழுதும் வேலை, கையில் ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் என்று தாளின் தலைப்பில் எழுதிவிட்டு, பற்றரிக்கு நாற்பதும் விலைக்கு இருபதும் வேகத்துக்கு ஐந்தும் வைத்துக் கூட்டினேன். சாம்பல் பதினெட்டுப் புள்ளியால் வென்றது. கிட்டவும் வரமுடியாத தோல்வி நீலத்துக்கு. அதே இரண்டு பெட்டிதான், ஒரு திருகாணிகூட மாறவில்லை.

தர்சனா தேத்தண்ணியோடு வந்து தாளைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளையிட்ட என்ன வேலைக்கு எடுக்கிறீர் எண்டு கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"எப்ப?"

"வாங்கின பிறகு."

அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கொழும்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். தவறு பரீட்சை எழுதியவளுடையதல்ல, சாதனத்தைத் தெரிவு செய்து கொடுத்த என்னுடையது என்று இரண்டு பக்கம். மரியாதையான பதில் வந்தது. தொடர்பு அறுந்தால் பரீட்சை செல்லாது, ஆறு மாதத்துக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். அவர்களைத் திட்டவும் வழியில்லை, விதியை முதலிலேயே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

சாம்பலை என் காசிலேயே வாங்கினேன். குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறி, மேர்சியின் நீலத்தோடு சேர்த்து நெடுந்தீவுக்குக் கொண்டுபோனேன். கோயிலடிக்குக் கிட்ட அவர்கள் வீடு. மேர்சி முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பற்றரி பழுதில்லை, பழுது என்னில்தான் என்றேன்.

"இதை வைச்சிரும் தங்கச்சி. ஆறு மாசத்தில திருப்பி எழுதலாம். இது தாங்கும், நீர் செய்யிற மாதிரியே செய்து பாத்திட்டன்."

அவள் சாம்பல் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"ஆறு மாசத்துக்கு என்னத்தைச் சாப்பிடுறது அண்ணை? ஏஜென்சிக் கடுதாசியில கையெழுத்து வைச்சிட்டன். சித்திரைக் கடைசியில பயணம்." என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "நீங்கள் வேணுமெண்டே செய்தனீங்கள்? விடுங்கோ. வெயிலுக்கை வந்திருக்கிறியள், சோடா குடியுங்கோ."

சோடா குடித்தேன். நீலத்தையாவது நானே எடுத்துக்கொண்டு அதற்கு உரிய காசைத் தருகிறேன் என்றேன். "அது என்னட்டையே நிக்கட்டும்," என்றாள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பழைய வீடியோவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். அதில் வெற்றியாளர் இல்லை. எவ்வளவு காசு இருக்கு, என்ன வேலைக்கு, எந்த இடத்தில வைச்சுப் பாவிக்கப் போறியள், இந்த மூன்றையும் சொல்லாமல் என்னிடம் எது நல்லம் என்று கேட்காதேயுங்கோ என்றேன். காசு மட்டு, கரண்ட் போகும், எழுத்து வேலை என்றால் சாம்பல். வீடியோ வெட்டுறவர், பக்கத்தில் மின்சாரம் இருக்கிறவர் என்றால் நீலம். இரண்டாயிரம் பேர்தான் பார்த்தார்கள். "வளவள எண்டு அலட்டாம எது பெஸ்ட் எண்டு சொல்லும் ஓய்," என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனைக் கண்டால் கழுத்தைத் திருகுவேன். ஆனால் அவனை அப்படிப் பழக்கியதும் நான்தான்.

சித்திரைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானத்துக்குக் கிட்ட மேர்சி வந்தாள். புதுச் சேலை, கையில் பயணப் பை. மேரிறோசும் வந்திருந்தாள். அவர்களுக்கு நடுவில் இரட்டைப் பின்னலோடு அனோஜினி. அன்றிரவு கொழும்புப் பேருந்து, அடுத்த நாள் விமானம். மேர்சி பையிலிருந்து அந்த நீலப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணை, ஒரு விசயம் கேக்க வேணும். இந்தமுறை முதலே கேக்கிறன்," என்றாள், சின்னச் சிரிப்போடு. "வீட்டில இருக்கிற ஒரே போனை நான் கொண்டு போறன். வெள்ளிக்கிழமையில எனக்கு லீவாம், அரை மணித்தியாலம் கதைக்கலாம். அக்கான்ர வீட்டில இதில பிள்ளை என்னைப் பாக்க வேணும், நான் அவளைப் பாக்க வேணும். அதுக்கு இது போதுமோ? இல்லாட்டி, அண்டைக்கு நீங்கள் கொண்டுவந்த சாம்பல் இருக்கோ?"

சாம்பல் அலுமாரிக்குள் அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது. அதைக் கொடுத்தால் மனம் ஆறும். ஆனால், என்ன வேலைக்கு என்று அவளே சொல்லிவிட்டதால், மிச்சக் கேள்விகளைக் கேட்டேன்.

"அக்கா வீட்டில எந்த அறையில வைப்பியள்?"

"சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறை. வெளிச்சம் குறைவுதான்."

"இணையம்?"

"பக்கத்து வீட்டுக்காரர் குடுப்பினம். கேட்டிட்டம்."

"இதுக்கு இன்னும் செலவழிக்க ஏதும் இருக்கோ?"

"ஒண்டுமில்லை அண்ணை."

இரண்டையும் பக்கத்தில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, அனோஜினியைக் கதிரையில் இருத்திப் பார்த்தேன். சாம்பலில் பிள்ளையின் முகம் புள்ளி புள்ளியாகக் கலங்கியது. நீலத்தில் அவள் தெளிவாக இருந்தாள். விழுந்த முன்பல்லின் இடைவெளி தெரிந்தது, கண்ணோரத்து மச்சம் தெரிந்தது. குரலும் நீலத்தில்தான் துலக்கம். அரை மணித்தியாலத்துக்கு அந்தப் பற்றரி தாராளம், கரண்ட் போனாலும் நிற்கும். சாம்பலைக் கொடுத்தால் என் மனம்தான் ஆறும். குவைத்தில் ஒரு குசினி மூலையில் நின்றுகொண்டு போனைப் பார்க்கப் போகிறவளுக்கு ஒரு நிழல்தான் தெரியும்.

"ஓம் மேர்சி," என்றேன். "அதுக்கு இதுதான் திறம்."

அவள் பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையாட்டினாள். குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆறுதல்பட்டுத்தான் சொன்னாள்.

"அப்ப நீங்கள் முதலே சரியாத்தான் சொல்லியிருக்கிறியள் அண்ணை."

நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையின் நடுவில் மேர்சியின் படத்தைப் பெரிதாக வைத்து, அதைத் தொட்டால் அழைப்புப் போகும்படி செய்து கொடுத்தேன். அனோஜினி ஒருமுறை அமத்திப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தாயின் கைக்குள் போன் அடித்தது.